கிரகப்பிரவேசத் தேதி மாறிவிட்டது: குடும்பக் குழுவில் எப்படிச் சொல்வது?

"திருச்சியில் கட்டியிருக்கும் எங்கள் வீட்டுக்கு 2025 ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை புதுமனைப் புகுவிழா என்று பத்திரிகை அடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டோம். என் கணவருக்கு மீன ராசி. அன்று அவருக்குச் சந்திராஷ்டமம் என்று சொல்லி, ஜோதிடர் செப்டம்பர் 4 வியாழக்கிழமைக்கு மாற்றச் சொல்கிறார். விடியற்காலை 4.30 முதல் 6 மணிவரை முகூர்த்தம். குழுவில் எண்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள், சிலர் டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். யாரும் குழம்பாமல், யாரும் வருத்தப்படாமல் இதை எப்படி எழுதுவது?"

உங்களிடம் சொல்வதற்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. 29ஆம் தேதி விழா இல்லை என்பது ஒன்று, 4ஆம் தேதி விழா என்பது மற்றொன்று. பெரும்பாலான வீடுகளில் இரண்டாவதை மட்டும் அலங்காரமாக எழுதிவிட்டு, முதலாவதை வாசகர்களே புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். பழைய தேதியில் பூட்டிய வீட்டின் முன்னால் உறவினர் வந்து நிற்பது அதனால்தான். எங்கள் குடும்பம் விசேஷ வீடுகளுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறது. தேதி மாறிய விழாக்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் திருநெல்வேலியிலிருந்து கிளம்பிய ஒரு பெரியம்மா, சீர்த்தட்டோடு பழைய தேதியில் விடியற்காலை வந்து இறங்கினார். செய்தி குழுவில் போயிருந்தது, அவரும் பார்த்திருந்தார். ஆனால் அதில் "வரும் வியாழக்கிழமை நடைபெறும் எங்கள் இல்ல விழாவுக்கு வருக" என்று மட்டுமே இருந்தது. பழைய தேதி மாறிவிட்டது என்று ஒரு வரி இல்லை. அவர் அதை இன்னொரு வீட்டு விழா என்று நினைத்துக்கொண்டார்.

எழுதுவதற்கு முன் ஜோதிடரிடம் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்டுவிடுங்கள்: "புதன்கிழமை இரவு விடிந்தால் வருகிற 4.30 மணிதானே?" பஞ்சாங்கக் கணக்கில் ஒரு நாள் சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயத்தில் முடிகிறது. ஆங்கிலத் தேதியோ நள்ளிரவில் மாறிவிடுகிறது. அதனால் வியாழக்கிழமை என்று காலண்டர் காட்டும் விடியற்காலை 4.30 மணி, உதயத்துக்கு முந்தையது என்பதால், பழைய கணக்கில் இன்னும் புதன்கிழமைதான். பெரும்பாலான ஜோதிடர்கள் இன்று ஆங்கிலத் தேதியை வைத்தே சொல்கிறார்கள். ஆனால் வயதான சிலர் பழைய கணக்கில் சொல்லிவிட்டால் ஒரு முழு நாள் தவறிப்போகும். இரவு எது, விடியல் எது என்று அவர் வாயால் சொல்லக் கேட்டு, முடிந்தால் அவர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, புதிய தேதியை அறிவிப்பதற்கு முன் நான்கு பேரிடம் உறுதி வாங்க வேண்டும். ஹோமம் செய்து வைப்பவர், சமையல்காரர், பந்தல் போடுபவர், பசுவும் கன்றும் கொண்டு வருபவர். கடைசி ஆளைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நகருக்குள் பழக்கப்பட்ட பசுவை விடியற்காலையில் ஓட்டி வருகிறவர்கள் ஊருக்குச் சிலர்தான் இருப்பார்கள். ஆவணி முகூர்த்த நாளில் அவர்களுக்கு மூன்று, நான்கு வீடுகள் இருக்கும். இந்த நான்கு பேரில் ஒருவர் கிடைக்காமல் தேதியை மறுபடியும் மாற்ற வேண்டி வந்தால், மூன்றாவது தேதியை உறவினர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு மாலைப் பொழுதில் நான்கு தொலைபேசி அழைப்புகளும் முடிந்துவிடும். ஏதாவது காரணத்தால் ஒரு நாளுக்கு மேல் இழுத்தால், காத்திருக்காமல் முதல் செய்தியை மட்டும் அனுப்பிவிடுங்கள்: "29ஆம் தேதி விழா இல்லை, புதிய தேதியை உறுதிசெய்துகொண்டு சொல்கிறோம்." டிக்கெட் எடுத்தவர்களுக்கு அந்த ஒரு நாளும் பெரிது. பயணத் தேதி நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் கூடிக்கொண்டே போகும்.

குழுவில் போடுவதற்கு முன் நேரில் அல்லது தொலைபேசியில் சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். உங்கள் மாமனார், மாமியார் வழியில் மூத்தவர்கள், உங்கள் தாய்வீட்டார், உங்கள் நாத்தனார். தாய்வீட்டுச் சீர் உங்கள் அண்ணனோ தம்பியோ கொண்டு வருவதாக இருந்தால், பாத்திரங்களுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள், வண்டி பேசியிருப்பார்கள். எண்பது பேரோடு எண்பத்தொன்றாவது ஆளாக அவர்கள் குழுவில் படித்துத் தெரிந்துகொண்டால், அந்த மனத்தாங்கல் விழா முடிந்தும் இருக்கும். உங்கள் கணவர் வீட்டுப் பெரியவர்களை உங்கள் கணவரும், உங்கள் வீட்டாரை நீங்களும் அழையுங்கள். மாற்றி அழைத்தால் "அவன் ஏன் சொல்லவில்லை" என்று ஒரு கேள்வி வரும். டிக்கெட் எடுத்தவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரிந்தால் அவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து, பன்னிரண்டு அழைப்புகள்தான். எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும், முடிந்த அன்று இரவே குழுவில் செய்தி போக வேண்டும். இடைவெளி விட்டால் அரைகுறையாகக் கேட்ட யாராவது ஒருவர் உங்களுக்கு முன்னால் எழுதிவிடுவார்.

இனிச் செய்தி. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

புதுமனைப் புகுவிழா: தேதி மாற்றம்

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கிறோம்.

ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்த எங்கள் புதுமனைப் புகுவிழா அன்று நடைபெறாது. நாள் பொருத்தம் கருதி, பெரியவர்கள் சொன்னபடி தேதியை மாற்றியிருக்கிறோம்.

புதிய தேதி: செப்டம்பர் 4, வியாழக்கிழமை (ஆவணி 19)
முகூர்த்தம்: விடியற்காலை 4.30 முதல் 6.00 மணிவரை. புதன்கிழமை இரவு விடிந்தால் விழா.
இடம்: முன்பு சொன்ன அதே வீடு. மாற்றமில்லை.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செப்டம்பர் 3 புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கே வந்துவிடுங்கள். தங்குவதற்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே எழுதுங்கள்.

பழைய தேதிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். முந்தைய பத்திரிகையை யாருக்காவது அனுப்பியிருந்தால், இந்தச் செய்தியையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

தேதி மாற்றத்தால் ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும். அனைவரும் அவசியம் வர வேண்டும்.

கீழே உங்கள் இருவர் பெயரும், இரண்டு தொலைபேசி எண்களும்.

இரண்டாவது வரியில் "வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கிறோம்" என்று இருப்பது வெறும் மரியாதைக்காக அல்ல. நம் குடும்பங்களில் குறித்த சுபகாரியம் தள்ளிப்போகிறது என்றாலே முதலில் மனத்தில் எழுவது தீட்டுதான். பங்காளி வீட்டில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று பதறிப்போய் அழைப்பார்கள். அந்த ஒரு வரி இருபது அழைப்புகளை நிறுத்தும். இதே காரணத்தால் "ரத்து" என்ற சொல்லையும், "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்ற தொடரையும் நான் சேர்க்கவில்லை. அந்தத் தொடரை நாம் துக்கச் செய்தியோடுதான் அதிகம் கேட்டிருக்கிறோம்.

காரணத்தை "நாள் பொருத்தம்" என்ற இரண்டு சொற்களில் நிறுத்தியதற்கும் அனுபவம் இருக்கிறது. உங்கள் ஜோதிடர் சொன்னது சரிதான்: ஆகஸ்ட் 29 அன்று சந்திரன் துலாத்தில் இருக்கிறது, அது மீனத்துக்கு எட்டாமிடம். ஆனால் "சந்திராஷ்டமம்" என்று குழுவில் எழுதிவிட்டால், அடுத்த அரை மணி நேரத்தில் சித்தப்பா ஒருவர் தன் காலண்டரைப் புரட்டுவார். வளர்பிறை வெள்ளிக்கிழமையை ஏன் விடுகிறீர்கள் என்பார் ஒருவர், பரிகாரம் செய்தால் போதுமே என்பார் இன்னொருவர். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதியும் நட்சத்திரமும் முடியும் நேரத்தில் சில மணி நேரம்கூட வேறுபாடு வரும் என்பதால், இரண்டு பக்கமும் ஆதாரத்தோடு பேசுவார்கள். அதற்குள் உங்கள் செய்தி நாற்பது பதில்களுக்கு மேலே போய் மறைந்திருக்கும், பத்து பேர் மனத்தில் "இன்னும் முடிவாகவில்லை போலிருக்கிறது" என்று பதிந்திருக்கும். மறைக்க வேண்டிய காரணம் இல்லை இது. தொலைபேசியில் கேட்பவர்களுக்கு முழுவதும் சொல்லுங்கள். குழுவில் மட்டும் விவாதத்துக்கு இடம் தர வேண்டாம்.

ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "மாற்றியதுதான் மாற்றினீர்கள், 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கலாமே?" இதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 7 பௌர்ணமி, அன்று இரவு சந்திர கிரகணம். அதற்கடுத்துத் தேய்பிறையில் மகாளய பட்சம் தொடங்கிவிடுகிறது. 17ஆம் தேதி புரட்டாசி பிறந்துவிட்டால் கிரகப்பிரவேசம் ஐப்பசிக்குத்தான் போகும். இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். 4ஆம் தேதி வேலை நாள் என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை தமிழ்நாட்டில் மிலாது நபி விடுமுறை, தொடர்ந்து சனி, ஞாயிறு. தொலைவிலிருந்து வருகிறவர்கள் ஒன்றிரண்டு நாள் விடுப்பில் சமாளித்துவிடலாம் என்பதை அழைக்கும்போது எடுத்துச் சொல்லுங்கள்.

தேதிகளை நான் எழுதியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். "அடுத்த வியாழன்" என்று எங்கும் இல்லை. குழுச் செய்தியை ஒருவர் இன்று படிப்பார், இன்னொருவர் ஆறு நாள் கழித்துப் படிப்பார். அவருக்கு அடுத்த வியாழன் வேறு. தேதி, மாதம், கிழமை மூன்றும் சேர்ந்து வந்தால் ஒன்று தவறாகப் பதிந்தாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும். "புதன்கிழமை இரவு விடிந்தால் விழா" என்ற வரி மிக முக்கியம். சென்னையிலிருந்து இரவு ரயில் ஏறுகிறவர் திருச்சியில் இறங்கவே விடியற்காலை நான்கு, ஐந்து மணி ஆகிவிடும். 4ஆம் தேதி விழா என்று மட்டும் சொன்னால் அவர் 3ஆம் தேதி இரவு கிளம்பி, பால் பொங்கி முடிந்த பிறகு வந்து சேருவார். அதனால்தான் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறேன். சாப்பாட்டு நேரம் சொன்னால் பயணத்தை அவர்களே அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்கள். சமையல்காரருக்கும் கணக்கு கிடைக்கும்.

இதைக் குரல் பதிவாகவோ, படமாக மட்டுமோ அனுப்ப வேண்டாம். குரல் பதிவை அலுவலகத்தில் இருக்கிறவர் பிறகு கேட்கலாம் என்று விட்டுவிடுவார். படத்துக்குள் இருக்கும் தேதி பின்னால் தேடினால் கிடைக்காது. எழுத்துச் செய்திதான் முதலில் போக வேண்டும், படம் அதற்குத் துணையாக வரட்டும். அனுப்புவதற்கு முன் உங்கள் கணவரும் இன்னொருவரும் தேதியையும் கிழமையையும் காலண்டரோடு ஒப்பிட்டுப் படிக்கட்டும். அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். அதற்குப் பிறகு திருத்தச் செய்தி ஒன்று போட வேண்டி வந்தால், மூன்று தேதிகள் உலவுவது போல் ஆகிவிடும்.

உங்களுக்குப் பெரிய தொல்லை தரப்போவது பழைய பத்திரிகைதான். குழுவில் போட்டு இரண்டரை நாளுக்குமேல் ஆகியிருந்தால் எல்லோருக்குமாக அதை அழிக்க முடியாது. அழிக்க முடிந்தாலும், ஏற்கெனவே பகிர்ந்த பிரதிகள் அப்படியே இருக்கும். உங்கள் அத்தை அதைத் தன் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பியிருப்பார், அவர்கள் தங்கள் குழுவில் போட்டிருப்பார்கள். எனவே அழிப்பதில் நேரத்தைச் செலவிடாமல், பழையதோடு குழப்பிக்கொள்ள முடியாத புதிய படம் ஒன்றைச் செய்யுங்கள். அதே வடிவமைப்பில் தேதியை மட்டும் மாற்றினால், கைப்பேசியில் சிறிதாகத் தெரியும் இரண்டு படங்களுக்கும் வேறுபாடு தெரியாது. பின்னணி நிறம் வேறாக இருக்கட்டும். மேலே பெரிய எழுத்தில் "மாற்றப்பட்ட தேதி" என்று வரட்டும். கீழே "ஆகஸ்ட் 29 அன்று விழா இல்லை" என்ற வரியும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். படம் தனியாக எங்கே போனாலும் இரண்டு செய்திகளும் அதோடு சேர்ந்தே போகும்.

செய்தி போனவுடன் அதைக் குழுவின் மேல்பகுதியில் பொருத்திவிடுங்கள், முப்பது நாள் என்று தேர்ந்தெடுங்கள். வாழ்த்துகளும் வணக்கங்களும் எத்தனை வந்தாலும் அது மேலேயே நிற்கும். யார் படித்தார்கள் என்பதைச் செய்தியின் விவரத்தில் பார்க்கலாம். நீலக் குறியை மறைத்து வைத்திருப்பவர்களின் பெயரும் குழுச் செய்திக்கு அங்கே தெரியும். ஆனால் பார்த்ததும் மனத்தில் பதிந்ததும் ஒன்றல்ல, கட்டைவிரல் அடையாளமும் பதில் அல்ல. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டிருப்பது இதற்காகவும்தான். "புதன் இரவு நான்கு பேர்" என்று ஒருவர் எழுதினால் அவருக்குப் புதிய தேதி பதிந்துவிட்டது என்று தெரிகிறது. "வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதியவரை இன்னும் சொல்லாதவர் கணக்கிலேயே வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பதில் வராத வீடுகளை எண்ணினால் பெரும்பாலும் பதினைந்து, இருபது இருக்கும். வீட்டுக்கு ஒருவரை அழைத்தால் போதும்.

குழுவில் இல்லாதவர்களுக்கு நீங்கள் பத்திரிகை கொடுத்தபோது எழுதிய பட்டியல்தான் கதி. தாம்பூலத் தட்டில் வைத்து நேரில் கொடுத்த பத்திரிகைக்கு, மாற்றத்தையும் குரலால் சொல்வதே மரியாதை. பக்கத்து வீடு, கட்டட மேஸ்திரி, தச்சர், மின்பணியாளர் ஆகியோரைச் சேர்க்க மறக்காதீர்கள். வேட்டி, துண்டு வாங்கிக்கொள்ள முதலில் வந்து நிற்கிறவர்கள் அவர்கள்.

ஒரு எச்சரிக்கை. "29ஆம் தேதி நாங்கள் மட்டும் பால் காய்ச்சிவிட்டு, 4ஆம் தேதி எல்லோரையும் அழைக்கலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். உங்கள் கணவருக்குப் பொருந்தாது என்றுதான் அந்த நாளை மாற்றுகிறீர்கள், அன்றே பால் காய்ச்சினால் மாற்றியதற்குப் பொருளே இல்லை. அதோடு, செய்தி வெளியே தெரிந்தால் "எங்களை விட்டுவிட்டுக் குடிபோய்விட்டார்கள்" என்ற பேச்சு வரும்.

நினைவூட்டல் இரண்டு முறை போதும். பலரும் புதிய தேதிக்கு முன் மட்டும் நினைவூட்டுகிறார்கள். அதைவிட அவசியமானது பழைய தேதிக்கு முந்தைய நாள் போடுவது. ஆகஸ்ட் 28 காலையில், யாரும் கிளம்புவதற்கு முன், "நாளை வெள்ளிக்கிழமை விழா இல்லை. செப்டம்பர் 4 வியாழக்கிழமை விடியற்காலைதான்" என்று இரண்டே வரி. பிறகு செப்டம்பர் 2 மாலையில் வழி, தங்குமிடம், அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றோடு இரண்டாவது. இந்த இரண்டையும் நீங்களே எழுதுங்கள், வேறு யாரிடமும் விட வேண்டாம். ஒரே பெயரிலிருந்து வரும் தேதிக்குத்தான் நம்பிக்கை இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆகஸ்ட் 29 விடியற்காலை நான்கு மணிக்கு உங்கள் புது வீட்டு வாசலில் ஒருவர் இருக்கட்டும், விளக்கு எரியட்டும். ஒரே ஒரு பெரியவராவது வந்தால் அவர் பூட்டைப் பார்த்து நிற்கக் கூடாது. வந்தவரை உடனே நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு அழைத்துப்போய் அங்கே காபி கொடுங்கள். அவசரத்தில் புது வீட்டு அடுப்பைப் பற்ற வைத்துவிட வேண்டாம். அதில் முதலில் பொங்க வேண்டியது 4ஆம் தேதிப் பால்.